புள்ளி குறைந்த மாணவனும் வகுப்பாசிரியர் கடிதமும்

தவணைப் பரீட்சை முடிந்து தேர்ச்சி அறிக்கை வீட்டை அடையும் நாளிற் பெற்றார் காண்பது சில எண்களையும், அவற்றின் கீழே வகுப்பாசிரியர் எழுதிய ஒரு வரிக் குறிப்பையுமே. சென்ற ஆண்டின் இறுதித் தவணையில் 71 ஆக நின்ற கணிதப் புள்ளி இவ்வாண்டின் முதலாந் தவணையில் 58 ஆகி, இரண்டாந் தவணையில் 43 ஆகிவிட்டதெனின், அக்குறிப்புப் பெரும்பாலும் "கவனம் போதாது, முயற்சி வேண்டும்" என்றே அமையும். இவ்வரி எதனையும் விளக்குவதில்லை. ஆயினும் வீட்டில் அது தீர்ப்பாகவே படிக்கப்படுகின்றது. அன்றே மாலை விளையாட்டு நின்றுபோகும். முன்னரே செல்லும் தனியார் கல்வி நிலையத்தோடு இன்னொன்றும் சேரும். சில வீடுகளிற் பிரம்பும் வெளிவரும். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுக்கப்படுகின்றது. குறிப்பை எழுதிய ஆசிரியரும் நோயை அறிந்திலர் என்பதே இதிற் கொடியது.

குறிப்பு வரியை விடுத்துப் பெற்றாருக்குக் கடிதம் எழுதப் புகும் ஆசிரியர் அதற்கு முன்பு செய்யவேண்டிய வேலை சிறிதன்று. அதனை ஒரு மாணவனை வைத்து விளக்குதல் எளிது. எட்டாந் தரத்திற் பயிலும் ஒருவனை எடுத்துக்கொள்வோம். மேலே கூறிய மூன்று புள்ளிகளும் அவனுடையன. தந்தை நகரிலே கடையொன்றில் வேலைபார்த்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புபவர். தாய் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். வகுப்பாசிரியர் தமிழ் கற்பிப்பவர். ஆரம்பப் பிரிவிலே ஒருவரே பெரும்பாலான பாடங்களைக் கற்பிப்பதாற் பிள்ளையின் நிறைகுறை அவர் கைக்குள் இருக்கும். இடைநிலைப் பிரிவிலோ பாடத்துக்கோர் ஆசிரியர். வகுப்பாசிரியருக்கு வந்து சேர்வன புள்ளிகள் மாத்திரமே. ஆதலின் அவர் முதலிற் செல்லவேண்டிய இடம் கணித ஆசிரியரின் மேசையாகும். அங்கே கேட்டுப் பெறவேண்டியது அம்மாணவனின் விடைத்தாள்.

விடைத்தாளைத் திறப்பதற்கு முன்னர் ஒரு சிறு கணக்குப் பார்க்கவேண்டும். 71 இலிருந்து 43 என்பது 28 புள்ளி வீழ்ச்சி. இவ்வீழ்ச்சி முழுவதும் அவனுடையதுதானா? வகுப்பின் சராசரிப் புள்ளி அம்மூன்று தவணைகளிலும் 62, 57, 51 என்றிருந்தது. வினாத்தாள்கள் வரவரக் கடினமானமையால் வகுப்பு முழுவதுமே 11 புள்ளி இறங்கியிருக்கின்றது. எஞ்சிய 17 புள்ளியே அவனுக்கு உரிய வீழ்ச்சி. சராசரிக்கு ஒன்பது மேலே இருந்தவன் எட்டுக் கீழே வந்துவிட்டான் என்பதே உண்மை நிலை. இதனை அறியாது 28 என்ற எண்ணைக் கண்டு கலங்கும் பெற்றாரும் உளர். சராசரி தாழ்ந்ததை மட்டும் கண்டு "எல்லாருக்கும் குறைவுதானே" என்று ஆறுதல் கூறி அனுப்பிவிடும் ஆசிரியரும் உளர். இருவருக்கும் பாதி உண்மையே தெரியும்.

அடுத்து ஏனைய பாடங்களைப் பார்க்கவேண்டும். தமிழில் 74, 72, 75. வரலாற்றிலும் ஆங்கிலத்திலும் பெரிய மாற்றமில்லை. விஞ்ஞானத்தில் மட்டும் 66, 63, 52 என ஓர் இறக்கம். எல்லாப் பாடங்களிலும் ஒரே காலத்தில் புள்ளி சரிந்திருப்பின் காரணத்தைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே தேடவேண்டும்: உடல்நலம், உறக்கம், உணவு, வீட்டிலே நேர்ந்த துன்பம், தந்தையோ தாயோ வெளிநாடு சென்றமை என்பன முன்னிற்கும். அத்தகைய நிலையில் எழுதவேண்டிய கடிதம் வேறு. அதில் எதனையும் விளக்காது, ஒருநாள் வந்து பேசுமாறு அன்போடு அழைத்தலே போதும். வீட்டுத் துயரைக் கடிதத்தில் ஊகித்து எழுதுவது எவருக்கும் அழகன்று. நமது மாணவனின் வீழ்ச்சியோ கணிதத்திலே தொடங்கி விஞ்ஞானத்தைத் தொட்டு நிற்கின்றது. விஞ்ஞான விடைத்தாளையும் வாங்கிப் பார்த்தபோது, கணித்து விடை காணும் வினாக்களிலேயே அவன் புள்ளி இழந்திருந்தான். நோயின் இடம் ஏறக்குறையத் தெரிந்துவிட்டது.

இனி விடைத்தாள். நூற்றுக்கு 43 பெற்றவன் 57 புள்ளியை இழந்திருக்கின்றான். அவ்வைம்பத்தேழும் எங்கெங்கே போயின என்று ஒவ்வொன்றாகத் தொட்டு எழுதிப் பார்த்தால் அரைமணி நேரத்துக்கு மேற் செல்லாது. நிலைமை இவ்வாறு இருந்தது: பின்னம் வந்த இடங்களில் 26, விடை எழுதாது விட்ட வினாக்களில் 17, ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எண்ணை மாற்றி எழுதியமை போன்ற கைத்தவறுகளில் 9, வினாவைப் பிழையாக விளங்கியமையால் 5. "கவனம் போதாது" என்ற குறிப்புக்கு இந்த 57 இல் உரிமையுள்ளது 9 புள்ளியே. அவ்வொன்பதும் வகுப்பில் நன்றாகச் செய்யும் பிள்ளைகளும் இழக்கும் அளவேயாம்.

பின்னத்தில் இழந்த 26 புள்ளிகளுக்கும் காரணம் ஒரே தவறு. 1/2 + 1/3 என்பதற்கு அவன் 2/5 என்று விடை எழுதுகின்றான். மேலுள்ள தொகுதியெண்களைக் கூட்டி மேலேயும், கீழுள்ள பகுதியெண்களைக் கூட்டிக் கீழேயும் இட்டுவிடுகின்றான். இது சோம்பலினால் வந்த பிழையன்று. முழு எண்களிற் பழகிய கை பின்னத்திலும் அவ்வாறே இயங்குகின்றது. உலகெங்கும் ஆசிரியர்கள் இதே பிழையைக் கண்டிருக்கின்றனர். பாதியோடு மூன்றிலொரு பங்கைச் சேர்த்துப் பாதியிலும் குறைந்த ஒன்றைப் பெற்றிருக்கின்றோமே என்ற ஐயம் அவனுக்கு எழவில்லை என்பதே கவனிக்கத் தக்கது. 2/5 என்பது அவனுக்கு ஓர் அளவாகத் தோன்றவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிய இரண்டு எண்களாகவே தோன்றுகின்றது.

அங்ஙனமாயின் சென்ற ஆண்டு 71 எவ்வாறு வந்தது? கீழ்வகுப்புகளிற் பின்னக் கூட்டல் ஒரு பாடத்தலைப்பின் கீழ் வரும். பகுதியெண்களைப் பொதுமடங்காக்கும் விதியை ஆசிரியர் கரும்பலகையிற் காட்டுவார். அதே வகைக் கணக்குகள் இருபது தொடர்ந்து வரும். பிள்ளை விதியை நினைவில் வைத்துச் செய்து முடித்துவிடும். விதி அத்தலைப்போடு ஒட்டியே நினைவில் நிற்கின்றது. எட்டாந் தரத்திலோ பின்னம் தலைப்பாக மாத்திரம் வராது. சமன்பாட்டுக்குள்ளேயும் ஒளிந்து வரும். x/2 + x/3 = 10 என்ற சமன்பாட்டை அவன் 2x/5 = 10 என்று மாற்றி, x = 25 என்று முடித்திருந்தான். சரியான வழி 5x/6 = 10; விடை 12. இருபத்தைந்தின் பாதியே பன்னிரண்டரை ஆகையால், மூன்றிலொரு பங்கைச் சேர்க்கு முன்னரே பத்தைத் தாண்டிவிட்டது. இதனையும் அவன் பார்க்கவில்லை. பழைய குறை புதிய பாடத்தில் வெளிப்பட்டிருக்கின்றது. பெற்றாருக்கோ பிள்ளை திடீரென்று கெட்டுவிட்டதாகத் தோன்றுகின்றது.

எழுதாது விட்ட 17 புள்ளியைப் பற்றி ஒரு சொல். விடாத வினாக்கள் தாளின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தால் அவை தெரியாமையால் விடப்பட்டவை. கடைசியில் ஒருசேரக் கிடந்தால் நேரம் போதாமையால் விடப்பட்டவை. இவன் விட்டவை கடைசி இரண்டு வினாக்கள். நேரம் எங்கே போயிற்று என்பதையும் தாளே கூறியது. ஒரு சமன்பாட்டை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் வெட்டியிருந்தான். வெட்டிய மூன்றிலும் பின்னம். ஆகவே இந்தப் பதினேழிலும் ஒரு பங்கு முன்னைய குறையின் கணக்கிலேயே எழுதத் தக்கது.

விடைத்தாள் இவ்வளவு கூறியபோதிலும், பிள்ளையைக் கேளாது முடிவு செய்தல் தவறு. அவுஸ்திரேலியாவிலே அன் நியூமன் என்பவர் 1977 இல் வெளியிட்ட ஒரு முறை இதற்குப் பெரிதும் உதவுவது. மாணவன் பிழைவிட்ட வசனக் கணக்கொன்றை மீண்டும் அவன் கையிற் கொடுத்து, வினாவை வாசிக்கச் சொல்லவேண்டும். எதனைக் காணும்படி கேட்கின்றது என்று சொல்லச் சொல்லவேண்டும். எவ்வாறு செய்யப்போகின்றாய் என்று கேட்கவேண்டும். செய்துகாட்டச் சொல்லி, ஈற்றில் விடையை வினாவுக்கு ஏற்ப எழுதுவிக்கவேண்டும். இந்த ஐந்து படிகளில் அவன் முதலிலே தடுக்கும் படி எதுவோ அதுவே குறையுள்ள இடம். கணிதத்திற் பின்தங்கியவர் என்று எண்ணப்பட்ட பிள்ளைகளுட் பலர் இரண்டாம் படியிலே தடுக்கி நிற்பதை ஆசிரியர்கள் காண்பதுண்டு. அவர்களுக்கு வேண்டியது கணக்குப் பயிற்சியன்று, மொழிப் பயிற்சி. நமது மாணவன் முதல் மூன்று படிகளையும் தடையின்றிக் கடந்தான். நான்காம் படியிற் பின்னம் வந்த இடத்திலே பேனை நின்றது.

அவ்வுரையாடலில் வேறு இரண்டும் தெரியவந்தன. வாரத்தில் ஐந்து மாலைகள் அவன் இரண்டு கல்வி நிலையங்களுக்குச் செல்கின்றான். ஒன்று கணிதத்துக்கு, மற்றது கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும். வீடு திரும்பிப் பாடசாலை வேலையை முடித்து உறங்கும்போது பதினொரு மணி கடந்துவிடும். காலையில் ஐந்தரைக்கு எழுகின்றான். மற்றது, அவன் "படிக்கும்" முறை. கொப்பியில் எழுதிய செய்கைகளை மேலிருந்து கீழே வாசித்துச் செல்கின்றான், எல்லாம் தெரிந்தவைபோலத் தோன்றுகின்றன, மூடி வைக்கின்றான். பார்க்கின்ற தாய்க்கும் பிள்ளை ஒருமணி நேரம் படித்ததாகவே தோன்றும்.

கண்பார்வையையும் ஆசிரியர் மறந்தாரல்லர். அதனை அறிய ஓர் எளிய வழி உண்டு: புத்தகத்திலிருந்து எழுதியவை சரியாகவும், கரும்பலகையிலிருந்து எழுதியவை 3 ஐ 8 ஆகவும் 6 ஐ 0 ஆகவும் பிழைத்தும் இருந்தால், பிள்ளைக்குத் தூரப்பார்வை குன்றியிருக்கக்கூடும், கண் வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும். இவனது கொப்பியில் அவ்வாறான பிழை இல்லை.

இத்தனையும் அறிந்த பின்னரே கடிதம். அறிந்தவை எல்லாவற்றையும் எழுதிவிடுவது நல்ல கடிதமாகாது. கடை மூடி எட்டு மணிக்கு வரும் தந்தையும், அடுக்களை வேலைக்கு நடுவே தாயும் வாசிக்கப்போவது அது. ஒரு பக்கத்துக்கு மேற்படலாகாது. பிள்ளையின் கையிலே கொடுத்தனுப்பப்படுவதாகையால், உள்ளே இருப்பது அவனுக்குத் தெரிந்திருத்தல் நன்று. ஒட்டிய உறையைச் சுமந்து செல்லும் பிள்ளை வழிநெடுகத் தண்டனையையே எண்ணிச் செல்வான். சில உறைகள் வீடு போய்ச் சேராமலும் விடும். அவ்வாசிரியர் எழுதி, மாணவனுக்கு வாசித்துக்காட்டி அனுப்பிய கடிதம் பின்வருமாறு அமைந்தது.

"அன்புடைய பெற்றோர்க்கு,

தங்கள் மகனின் கணிதப் புள்ளி மூன்று தவணைகளில் 71, 58, 43 எனக் குறைந்திருப்பதைத் தாங்கள் தேர்ச்சி அறிக்கையிற் கண்டிருப்பீர்கள். வினாத்தாள் கடினமானமையால் வகுப்பு முழுவதும் 11 புள்ளி குறைந்துள்ளது. எஞ்சிய குறைவு தங்கள் மகனுக்கு உரியது. அதன் காரணத்தைக் கணித ஆசிரியரும் நானும் விடைத்தாளைப் பார்த்தும் மகனோடு பேசியும் அறிந்துகொண்டோம்.

அவர் இழந்த புள்ளிகளில் ஏறக்குறையப் பாதி, பின்னங்களைக் கூட்டுவதில் உள்ள ஒரே தவறினால் இழந்தவை. அத்தவறு கீழ்வகுப்பிலேயே இருந்தது. இப்போது சமன்பாடுகளைப் படிக்கத் தொடங்கியதும் வெளியே தெரிகின்றது. அவர் சோம்பலாக இருக்கின்றார் என்றோ விளையாட்டினாற் கெட்டார் என்றோ நாங்கள் கருதவில்லை. வினாவை வாசித்து விளங்குவதிலும், செய்யும் வழியைத் தெரிந்தெடுப்பதிலும் அவருக்குக் குறையில்லை.

பாடசாலையில் நாங்கள் செய்வது: கணித ஆசிரியர் செவ்வாய், வியாழக் கிழமைகளில் இடைவேளையின் பின் கால்மணி நேரம் பின்னங்களை மீண்டும் கற்பிப்பார்.

வீட்டில் தாங்கள் செய்யவேண்டியது: வாரத்தில் நான்கு நாட்கள், இரவு உணவுக்கு முன் இருபது நிமிடம் அவரோடு இருங்கள். பழைய கொப்பியிலிருந்து மூன்று பின்னக் கணக்குகளைத் தெரிந்து, செய்கையைக் கடதாசியால் மூடிவைத்துப் புதிய தாளிற் செய்யச் சொல்லுங்கள். தொடங்கு முன்னர், 'விடை பாதியிலும் கூட வருமா, குறைய வருமா? ஒன்றிலும் கூட வருமா?' என்று மாத்திரம் கேளுங்கள். தங்களுக்குக் கணக்குத் தெரியவேண்டியதில்லை. செய்து முடிந்ததும் கடதாசியை எடுத்து அவரே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பிழையாயின் தாங்கள் திருத்தவேண்டாம். ஓரத்தில் ஒரு புள்ளடி இட்டுத் தாளை எனக்கு அனுப்புங்கள்.

இரண்டு கல்வி நிலையங்களில் ஒன்றை இத்தவணைக்கு நிறுத்தி, அவர் பத்து மணிக்குள் உறங்கச் செய்வது நல்லதென்பது எங்கள் எண்ணம். முடிவு தங்களுடையது. மாலை விளையாட்டை நிறுத்தவேண்டாம்.

அடுத்த தவணையிற் புள்ளி ஒரேயடியாக உயருமென்று எதிர்பார்க்கவேண்டாம். மூன்று வாரங்களின் பின் ஆறு கணக்குகள் கொண்ட சிறு சோதனை ஒன்று வைத்து, முடிவைத் தங்களுக்கு எழுதுவேன். தாங்கள் அறிந்த வேறு காரணம் ஏதும் இருப்பின், எந்தப் புதன்கிழமையும் பிற்பகல் இரண்டு மணிக்கு என்னை வந்து காணலாம்.

இங்ஙனம்,
வகுப்பாசிரியர்."

இக்கடிதத்திற் சொல்லப்பட்டவற்றுட் சிலவற்றுக்கு விளக்கம் வேண்டும். கொப்பியை மூடிவைத்துச் செய்யச் சொல்வது வீணான கண்டிப்பன்று. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006 இல் வெளியிட்ட ஆய்வொன்றிற் கல்லூரி மாணவரைக் கொண்டு இதனைச் சோதித்தனர். ஒரு சாரார் ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தனர். மற்றொரு சாரார் வாசித்தபின் பாராது நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் கேட்டபோது வாசித்தவரே கூடுதலாக நினைவுகூர்ந்தனர். ஒரு வாரத்தின் பின் கேட்டபோது எழுதிப் பார்த்தவர் முந்திவிட்டனர். அது உரைநடைப் பந்தியைக் கொண்டு செய்த சோதனை; பின்னக் கணக்குக்கு அதனை அப்படியே பொருத்துதல் மிகையாகலாம். ஆயினும் வாசித்தவுடன் தோன்றும் "தெரியும்" என்ற உணர்வு ஏன் பரீட்சை மண்டபத்திற் கைவிடுகின்றது என்பதை அது நன்கு காட்டுகின்றது. நமது மாணவன் ஒவ்வோரிரவும் பெற்றது அந்த ஐந்து நிமிடத் தெளிவையே.

விடை பாதியிலும் கூடுமா குறையுமா என்ற வினாவே கடிதத்தின் உயிர்நாடி. கணிதம் அறியாத தாயும் கேட்கக்கூடியது அது. பின்னத்தை இரண்டு எண்களாகக் காணும் பிள்ளையை அளவாகக் காணச் செய்வதும் அதுவே. 1/2 + 1/3 பாதியிலும் கூடவே வரும் என்று முன்னரே வாயாற் சொன்னவன், 2/5 என்று எழுதியபின் அதனைப் பார்த்து ஒருகணமேனும் தயங்குவான். அத்தயக்கத்தை உண்டாக்குதலே வீட்டின் வேலை. விதியை மீண்டும் கற்பிப்பது பாடசாலையின் வேலை. இரண்டையும் வீட்டின் தலையிற் சுமத்தும் கடிதங்களாலேயே பல வீடுகளில் மாலைநேரம் அழுகையில் முடிகின்றது. தந்தை தாம் படித்த காலத்து முறையிற் கற்பிப்பார், பிள்ளை "எங்கள் ஆசிரியர் அப்படிச் சொல்லித்தரவில்லை" என்பான், குரல் உயரும், அன்றோடு இருபது நிமிடமும் முடிந்துவிடும். பிழையைத் திருத்தவேண்டாம், புள்ளடி மட்டும் இட்டு அனுப்புக என்று ஆசிரியர் எழுதியதன் நோக்கம் இதுவே. புள்ளடி இட்ட தாள்களால் ஆசிரியருக்கும் ஒரு பயன் உண்டு. பிழை மாறுகின்றதா, அதே பிழை நிற்கின்றதா என்பதை அவை வாரந்தோறும் கூறும்.

பாடசாலையிற் கணித ஆசிரியர் கையாண்டது ஒரு கடதாசிக் கீற்று. பன்னிரண்டு சமகட்டங்கள் வரைந்த நீண்ட கீற்றை மாணவன் பாதியாக மடித்தால் ஆறு கட்டங்கள். மூன்றாக மடித்தால் ஒரு மடிப்பில் நான்கு கட்டங்கள். ஆறும் நான்கும் பத்து. பன்னிரண்டிற் பத்து, அதாவது ஆறில் ஐந்து. பொதுமடங்கு ஏன் வேண்டும் என்பதை அவன் கையே கண்டுகொண்டது: பாதியும் மூன்றிலொன்றும் வெவ்வேறு அளவான துண்டுகள்; இரண்டையும் ஒரே அளவுக் கட்டங்களாக்கிய பின்னரே எண்ணிக் கூட்டலாம். மூன்றாம் நாள் 1/4 + 1/6 வந்தபோது அவனே பன்னிரண்டு கட்டக் கீற்றைக் கேட்டான். 2/3 + 1/5 வந்தபோது பன்னிரண்டு போதவில்லை. பதினைந்து கட்டம் வேண்டுமென்று சற்று நேரம் கழித்துக் கூறினான். கீற்றை நெடுநாள் கையில் விடுவதும் கூடாது. இரண்டாம் வாரத்தின் பின் அதனை மனத்தில் எண்ணிச் சொல்லும்படி செய்யாவிட்டாற் பிள்ளை கடதாசிக்கு அடிமையாகிவிடும்.

கல்வி நிலையத்தைப் பற்றிய வரியே எழுதுவதற்குக் கடினமானது. பணம் கட்டி அனுப்பும் தந்தைக்கு அது பிள்ளைமேல் வைத்த அக்கறையின் அடையாளம். நிறுத்து என்றால் அக்கறையையே குறைகூறியதாகப் படும். மேலும், ஆசிரியர் தம் கற்பித்தலின் குறையை மறைக்கவே அவ்வாறு சொல்கின்றார் என்ற ஐயமும் எழக்கூடும். அவ்வையம் எப்போதும் ஆதாரமற்றது என்றும் சொல்வதற்கில்லை. ஆதலின் "எங்கள் எண்ணம், முடிவு தங்களுடையது" என்று விட்டுவிடுதலே தக்கது. அந்நிலையங்களிற் கற்பித்தல் கூடாதென்பது இங்கே வாதமன்று. நாற்பது ஐம்பது பிள்ளைகள் கூடிய வகுப்பில் அடுத்த அலகுக்கு விரைந்து செல்பவர்க்கு, ஒரு பிள்ளை கீழ்வகுப்பில் விட்டுவந்த பின்னம் கண்ணிற் படுவதில்லை. புதிய சமன்பாடுகளை மேலும் மேலும் செய்வித்தலாற் பழைய தவறு மேலும் மேலும் கைப்பழக்கமாகின்றது. ஆறரை மணி நேரம்கூட உறங்காத பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது போதாது. அவ்வயதினர்க்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டுமென்பது மருத்துவர் கருத்து. கைத்தவறுகளில் இழந்த ஒன்பது புள்ளியிற் சில உறக்கத்தாலேயே மீளக்கூடும்.

அத்தந்தை கடிதத்துக்கு விடை எழுதவில்லை. புதன்கிழமை ஒன்றில் தாய் வந்தார். கல்வி நிலையத்தை நிறுத்த வீட்டுக்காரர் உடன்படவில்லை என்றும், ஐந்து நாளை மூன்றாகக் குறைத்திருப்பதாகவும் கூறினார். இருபது நிமிடத்துக்குப் பக்கத்திலே தாம் அரிசி புடைத்துக்கொண்டு இருப்பதாகவும், "கூடவா, குறையவா" என்று கேட்பதைக் கண்டு இளைய பெண்ணும் சேர்ந்து விடை சொல்வதாகவும் சொல்லிச் சிரித்தார். முதல் வாரத்தில் வந்த பன்னிரண்டு கணக்குகளில் ஏழில் புள்ளடி. இரண்டாம் வாரத்தில் ஐந்தில். மூன்றாம் வாரத்திலும் ஐந்திலேயே நின்றது. ஆயினும் அவ்வைந்திற் பகுதியெண்களைக் கூட்டிய பழைய பிழை ஒன்றே. ஏனையவை பெருக்கற் பிழைகள். எண்ணிக்கை மாறாமலும் நோய் மாறியிருந்தது. புள்ளடிகளை எண்ணி மட்டும் பார்ப்பவர்க்கு இது தெரியாது. ஆறு கணக்குச் சோதனையில் நான்கு சரி. ஆசிரியர் அதனை மூன்று வரியில் வீட்டுக்கு எழுதினார்.

மூன்றாந் தவணையில் அவன் கணிதத்திற் பெற்றது 56. வகுப்பின் சராசரி 52. தேர்ச்சி அறிக்கையில் வீட்டார் கண்டது 43 இன் இடத்தில் வந்த 56 என்ற எண்ணையே. வகுப்பாசிரியர் இம்முறையும் விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். கடைசி வினாவொன்று இன்னும் எழுதப்படாமலே கிடந்தது. பின்னம் ஐந்து இடங்களில் வந்திருந்தது. நான்கில் விடை சரி. ஐந்தாவது இடத்தில், 3/4 + 1/6 என்பதற்கு முதலில் 4/10 என்று எழுதி, அதனை ஒரு கோட்டால் வெட்டி, ஓரத்தில் "பாதியிலும் குறைவு" என்று சிறிதாகக் குறித்து, அதன் கீழே 11/12 என்று எழுதியிருந்தான்.